ஸ்டேட்மென்ட்டில் ஒளிந்திருக்கும் ஐந்தில் ஒரு பங்கு

மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டவர்களுக்கு ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் வருகிறது. பான் எண்ணை வைத்து எல்லா ஃபண்ட் நிறுவனங்களின் கணக்கையும் ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஆவணம் இது. பெரும்பாலானோர் அதில் ‘இன்றைய மதிப்பு’ என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஆனால், செபி 2016-ல் போட்ட உத்தரவின்படி அதே ஸ்டேட்மென்ட்டில் இன்னும் இரண்டு எண்கள் இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்கு அந்த ஆறு மாதத்தில் போன கமிஷன், ரூபாயில். மற்றொன்று, நீங்கள் வைத்திருக்கும் பிளானின் சராசரி செலவு விகிதம், சதவீதத்தில். இருபது வருடத்தில் கட்டணம் எவ்வளவைத் தின்னும் என்று கணிக்க இந்த இரண்டே போதும்.

கட்டணம் எங்கே போகிறது?

வங்கியில் கட்டணம் பிடித்தால் பாஸ்புக்கில் ஒரு வரி விழும். ஃபண்டில் அப்படி எதுவும் விழாது. யூனிட்டுகளின் எண்ணிக்கையும் குறையாது. ஆண்டுச் செலவு விகிதத்தை 365-ஆகப் பிரித்து, அன்றன்றைய பங்கைக் கழித்துவிட்டுத்தான் ஃபண்ட் நிறுவனம் என்ஏவி எனப்படும் யூனிட் விலையை அறிவிக்கிறது. நாம் பார்ப்பது கட்டணம் போன பிறகு மிஞ்சிய விலை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒருவரிடம் பங்குச் சந்தை ஃபண்டின் ரெகுலர் பிளானில் 5,00,000 ரூபாய் இருக்கிறது. ஸ்டேட்மென்ட்டில் செலவு விகிதம் 1.85% என்று போட்டிருக்கிறது. வருடத்துக்கு 9,250 ரூபாய். ஒரு நாளைக்குச் சுமார் 25 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் யாருக்கும் உறுத்தாது. இருபது வருடக் கணக்கு வேறு.

சந்தையை ஊகிக்கத் தேவையில்லை

‘சந்தை எவ்வளவு வளரும் என்று தெரியாதபோது கட்டணத்தின் பாதிப்பை எப்படிக் கணக்கிடுவது?’ என்ற தயக்கம் இங்கே வரும். மொத்தமாகப் போட்டு வைத்த பணத்துக்கு அது தெரியவே வேண்டாம். 1.85% கட்டணம் என்றால், ஒவ்வொரு வருடமும் சந்தை எப்படிப் போனாலும், கட்டணமே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய தொகையில் 0.9815 பங்குதான் கையில் மிஞ்சும். அடுத்த வருடம் அதில் 0.9815 பங்கு. வளர்ச்சியும் பெருக்கல், கட்டணமும் பெருக்கல். எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை மாறாது. ஆகவே 0.9815-ஐ இருபது முறை பெருக்கினால் போதும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரே வரி:

```
=1-(1-1.85%)^20
```

விடை 31.2% என்று வரும். கட்டணமே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் ஏறத்தாழ 31% குறைகிறது. கட்டணம் உண்மையில் தினமும் கழிவதால் தசமத்தில் சிறு வித்தியாசம் வரும். கணிப்புக்கு அது பொருட்டில்லை.

மனக்கணக்காக 1.85-ஐ இருபதால் பெருக்கி 37% என்று சொல்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் கூடுதல். பணம் குறையக் குறைய அடுத்தடுத்த கட்டணமும் குறைந்த தொகையின் மேல்தான் விழுகிறது. ஆனாலும் ‘இதற்கு மேல் போகாது’ என்ற எல்லைக் கோடாக அந்த மனக்கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

எதோடு ஒப்பிடுவது?

கட்டணமே இல்லாத ஃபண்ட் கிடையாது. அதனால் 31% என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நியாயமான ஒப்பீடு அதே ஃபண்டின் டைரக்ட் பிளான். 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் இது உண்டு. அதே பங்குகள், அதே நிர்வாகி. விநியோகஸ்தர் கமிஷன் மட்டும் கிடையாது. டைரக்ட் பிளானின் செலவு விகிதம் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருக்காது, ஏனென்றால் நீங்கள் வைத்திருக்கும் பிளானுக்கு மட்டுமே அதில் விவரம் வரும். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைக்கும்.

நம் உதாரணத்தில் டைரக்ட் பிளானின் விகிதம் 0.75% என்று வைப்போம். அதே வரியில் போட்டால் இருபது வருடக் குறைவு 14%. அதாவது நூறு ரூபாய் ஆகியிருக்க வேண்டிய இடத்தில் டைரக்டில் 86 ரூபாய், ரெகுலரில் சுமார் 69 ரூபாய். ரெகுலரில் இருப்பவருக்கு, டைரக்டில் இருப்பவரைவிட இறுதித் தொகையில் 20% குறைவு. சரியாக ஐந்தில் ஒரு பங்கு.

ரூபாயில் பார்க்க மட்டும் வளர்ச்சி விகிதம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 11% என்றால், 5 லட்சம் இருபது வருடத்தில் டைரக்டில் சுமார் 34.7 லட்சம், ரெகுலரில் 27.7 லட்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட 7 லட்சம். சந்தை மந்தமாகி 7% மட்டுமே வளர்ந்தால் 16.6 லட்சமும் 13.3 லட்சமும். வித்தியாசம் 3.3 லட்சமாகச் சுருங்குகிறது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயமும் இதில் தெரிகிறது. 11% வளர்ச்சியில் ரெகுலர் பிளான்காரர் இருபது வருடமும் கொடுக்கும் கட்டணங்களை வரிசையாகக் கூட்டினால் 5.2 லட்சம்தான் வரும். ஆனால் கட்டணமே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் குறைவு சுமார் 12.6 லட்சம். மீதி 7 லட்சத்துக்கு மேல், கட்டணமாகப் போன பணம் உள்ளேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வளர்ச்சி. வருடாவருடம் போன ரூபாயைக் கூட்டிப் பார்ப்பவர்கள் பாதிப்பைப் பாதிக்கும் குறைவாகவே எடைபோடுகிறார்கள்.

இரண்டு சரிபார்ப்புகள்

கணக்கில் வைத்த 1.10% இடைவெளி உண்மைதானா என்று பார்க்க ஸ்டேட்மென்ட்டின் கமிஷன் எண் உதவும். ஆறு மாதத் தொடக்கத்தில் மதிப்பு 4,80,000, முடிவில் 5,00,000, கமிஷன் 2,450 ரூபாய் என்று இருக்கிறது. சராசரி மதிப்பு 4,90,000. அதில் 2,450 என்பது 0.5%, வருடத்துக்கு 1%. இடைவெளியான 1.10%-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். கமிஷன் ஆறு மாதத்துக்கானது, இரட்டிக்க வேண்டும். செலவு விகிதம் ஏற்கெனவே ஆண்டுக் கணக்கு, இரட்டிக்கக் கூடாது. மேலும், மாதாமாதம் பணம் போடுபவர்கள் முடிவு மதிப்பால் மட்டும் வகுத்தால் கமிஷன் விகிதம் குறைவாகத் தெரியும். சராசரியால்தான் வகுக்க வேண்டும்.

இரண்டாவது சரிபார்ப்பு இன்னும் உறுதியானது. இரண்டு பிளான்களின் குரோத் வகை என்ஏவி-யை ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தேதிக்கும் இன்றைக்கும் எடுங்கள். அன்று ரெகுலர் 52.40, டைரக்ட் 56.10, இன்று 88.30, 99.90 என்று வைப்போம். அன்று டைரக்ட், ரெகுலரைப் போல 1.071 மடங்கு, இன்று 1.131 மடங்கு. ஐந்து வருடத்தில் இடைவெளி 5.7% விரிந்திருக்கிறது, வருடத்துக்குச் சுமார் 1.1%. இரண்டும் ஒரே பங்குகளை வைத்திருப்பதால் இந்த விரிசலுக்குக் கட்டணத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. டிவிடெண்ட் வழங்கும் வகையில் இதைச் செய்யக் கூடாது. பணம் வெளியே போகும்போதெல்லாம் என்ஏவி இறங்கி, கணக்கு குழம்பிவிடும்.

எஸ்ஐபி-காரர்களுக்கு

மாதம் 10,000 ரூபாய் என்று இருபது வருடம் போடுபவருக்குப் பாதிப்பு இவ்வளவு இருக்காது. முதல் மாதப் பணம் இருபது வருடம் கட்டணம் கொடுக்கிறது. கடைசி மாதப் பணம் கொடுப்பதே இல்லை. அதே விகிதங்களும் 11% வளர்ச்சியும் என்றால் டைரக்டில் சுமார் 73.5 லட்சம், ரெகுலரில் 63.7 லட்சம் சேரும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இடத்தில் இப்போது 13% சொச்சம் குறைகிறது. தவணை முதலீட்டில் இந்தச் சதவீதம் வளர்ச்சி விகிதத்தைப் பொறுத்தும் சற்று மாறும்.

கணிப்பின் எல்லைகள்

இன்றைய 1.85% இருபது வருடமும் அப்படியே இருக்காது. ஃபண்டின் மொத்தச் சொத்து பெருகப் பெருக வசூலிக்கலாம் என்று செபி அனுமதிக்கும் உச்சவரம்பு படிப்படியாக இறங்கும். விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அதனால் ஒரே எண்ணை நம்பாமல் 1.85%, 1.5% என்று இரண்டு எண்களைப் போட்டு, விடையை ஒரு வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: ஃபண்ட் பங்குகளை வாங்கி விற்கும்போது ஆகும் செலவு முழுவதும் இந்த விகிதத்துக்குள் வருவதில்லை. அதுவும் என்ஏவி-யில்தான் கழிகிறது. அடிக்கடி வாங்கி விற்கும் ஃபண்டில் உண்மைச் செலவு ஸ்டேட்மென்ட் காட்டுவதைவிடக் கூடுதல்.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதும் இலவசமில்லை. வரிச் சட்டத்தின் கண்ணில் அது விற்பனை. பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5% வரி. நம் 5 லட்சத்தில் லாபம் 2 லட்சம், வேறு லாபம் இல்லை என்றால், 75,000 ரூபாய்க்கு 9,375 வரி. செஸ் சேர்த்தால் 9,750. மிச்சமாகும் 1.10% வருடத்துக்கு 5,500 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் வரி திரும்பி வந்துவிடும். லாபம் பெரியதாக இருந்தால், ஒவ்வொரு நிதியாண்டிலும் 1.25 லட்ச வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். சமீபத்தில் வாங்கிய யூனிட்டுகளுக்கு வெளியேறும் கட்டணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லோரும் மாறியே ஆக வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. சந்தை சரியும்போது பயந்து விற்காமல் தடுக்கிற, வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் வாரிசுக்குப் படிவம் நிரப்பித் தருகிற விநியோகஸ்தர் சிலருக்கு அந்தப் பணத்துக்குத் தகுந்தவராகவே இருப்பார். அடுத்த முறை அவர் வரும்போது, ஆறு மாதத்தில் போன 2,450 ரூபாயையும் இருபது வருட இடைவெளியான 7 லட்சத்தையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்து, இதற்கு என்னென்ன செய்து தருவீர்கள் என்று கேட்கலாம். பதில் திருப்தியாக இருந்தால் தொடரலாம். மழுப்பினால், மாற்றுப் படிவத்தை எடுக்கலாம்.