இன்றே விற்றால் எவ்வளவு?

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், என் அம்மாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. கூட்டுச் சீட்டு எடுத்தால் ஒரு பவுன். தீபாவளி போனஸ் வந்தால், முடிந்த வருடம் அரைப் பவுன். தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்து ஈப்போவுக்கு வந்தபோது எங்கள் குடும்பத்தின் மொத்தச் சொத்தும் ஒரு பால்மாவு டின்னுக்குள் அடங்கியது. அதனால்தான் தங்கம் என்றால் கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும் என்பதில் அம்மா இன்றும் உறுதியாக இருக்கிறார்.

போன மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. "அத்தை, நான் மாசாமாசம் 200 வெள்ளிக்குப் போன்லயே தங்கம் வாங்குறேன்" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொட்டுப் பார்க்க முடியாத பவுன் என்ன பவுன்?"

"பாட்டி, காயின் வாங்குனா செய்கூலி. விக்கப் போனா கழிவு. இதுல அதெல்லாம் இல்ல" என்றாள் அவள்.

இருவர் சொல்வதும் பாதி சரி என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் மீதிப் பாதியை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவள். மகனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கிராம் 999.9 தங்க நாணயம் வாங்கி வைத்தேன். அவன் கல்லூரிக்குக் கிளம்பியபோது பத்து நாணயங்களை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். வாங்கிய விலையைவிட நிறையக் கிடைத்தது, மகிழ்ச்சியாகத்தான் வந்தேன். ஆனால் கடைக்காரர் பத்தையும் ஒன்றாகத் தராசில் போட்டு, அன்றைய தங்க விலையிலிருந்து கொஞ்சம் கழித்து, எடைக்கு மட்டுமே பணம் தந்தார். பத்து முறை நான் கொடுத்த செய்கூலி அந்தத் தராசில் ஏறவே இல்லை. தங்கம் விலை ஏறியிருந்ததால் அந்த நஷ்டம் என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணக்கு எளிதாக இருக்க, சந்தையில் ஒரு கிராம் சுத்தத் தங்கம் சரியாக 500 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டோம். உண்மை விலை நாளுக்கு நாள் மாறும். கடைக்குக் கடை வேறுபடும். கணக்கின் முறை மாறாது.

முதலில் வங்கியின் தங்கக் கணக்கு. இங்கே செய்கூலி என்று தனியாக எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் திரையில் எப்போதும் இரண்டு விலைகள் இருக்கும். வங்கி நமக்கு விற்கும் விலை 510, நம்மிடமிருந்து திரும்ப வாங்கும் விலை 490 என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராமுக்கு 5,100 கட்டுகிறோம். அடுத்த நிமிடமே விற்றால் 4,900 வரும். இந்த 200 ரிங்கிட்தான் வங்கியின் கூலி. "செய்கூலி இல்லை" என்று அண்ணன் மகள் சொன்னது சரி. "கழிவு இல்லை" என்றது சரியில்லை. இரண்டு விலைகளுக்கு நடுவில் அது ஒளிந்திருக்கிறது.

அடுத்து, கடையில் பத்து கிராமில் ஒரே கட்டி. தங்கம் 5,000, செய்கூலி 200, ஆக 5,200. விற்கும்போது சந்தை விலையில் 3 விழுக்காடு கழித்தால் 4,850 வரும். நஷ்டம் 350.

கடைசியாக, நான் செய்த வேலை: ஒரு கிராம் நாணயங்கள் பத்து. சிறிய நாணயத்துக்கும் அச்சு, உறை, முத்திரைச் செலவு ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் ஒவ்வொன்றும் 550 என்று வைத்தோம், மொத்தம் 5,500. விற்றால் அதே 4,850. நஷ்டம் 650.

போட்ட பணம் திரும்பி வர, தங்கம் எவ்வளவு ஏற வேண்டும் என்று பார்த்தோம். வங்கிக் கணக்குக்கு 4 விழுக்காடு. ஒரே கட்டிக்கு 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சிறு நாணயங்களுக்கு 13 விழுக்காட்டுக்கு மேல். அதுவரை தங்கம் ஏறினாலும் நமக்கு லாபம் இல்லை.

இது நாங்களாக வைத்துக்கொண்ட எண்ணிக்கைதானே என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டின் சொந்தத் தங்க நாணயமான கிஜாங் எமாஸிலும் இதே கதைதான். 2001-இல் பேங்க் நெகாரா அறிமுகப்படுத்திய இந்த நாணயம் ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என்று மூன்று அளவில் வருகிறது. ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். இதன் விற்கும் விலை, வாங்கும் விலை இரண்டையும் பேங்க் நெகாரா தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு அவுன்ஸ் நாணயத்தில் இரண்டு விலைக்கும் இடைவெளி ஏறக்குறைய 4 விழுக்காடு. கால் அவுன்ஸில் அது 7, 8 விழுக்காடு வரை போகிறது. ஒரே தங்கம், ஒரே முத்திரை. சிறியதை வாங்குபவர்தான் விழுக்காட்டில் அதிகம் இழக்கிறார்.

"அப்போ வரி?" என்று அம்மா கேட்டார். தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் 3 விழுக்காடு ஜிஎஸ்டி என்று அவர் கேட்டிருக்கிறார். அது இந்தியக் கணக்கு. அங்கே டிஜிட்டல் தங்கமானாலும் நாணயமானாலும் வாங்கும்போதே 3 விழுக்காடு போய்விடும். விற்கும்போது திரும்பி வராது. நம் நாட்டில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி 2015 ஏப்ரலில் வந்து, 2018 ஜூன் முதல் சுழியமாகி, பிறகு நீக்கப்பட்டது. இப்போதுள்ள விற்பனை வரி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் நிலையில் ஒரே முறை விதிக்கப்படுவது. சில்லறைக் கடை தன் பங்குக்கு அதன் மேல் இன்னொரு முறை போடுவதில்லை. தனிமனிதர் தன் சேமிப்புத் தங்கத்தை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கும் இங்கே வரி இல்லை. 2024-இல் வந்த மூலதன ஆதாய வரி நிறுவனங்களின் பட்டியலிடப்படாத பங்குகளைப் பற்றியது. ஆனால் தங்கத்தை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் அது வருமானம். வருமான வரி உண்டு. ஆகவே, நம்மைப் போன்ற சேமிப்பாளருக்கு இங்கே உண்மையான செலவு வரி அல்ல. அந்த விலை இடைவெளிதான்.

இதுவரை கணக்கில் அண்ணன் மகள் ஜெயித்துவிட்டாள். அப்போது அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா அந்தப் போனை அடகு வைக்க முடியுமா?"

தோட்டத்து மக்கள் தங்கம் வாங்கியது விற்பதற்காக அல்ல. அடகு வைத்து மீட்பதற்காக. அதையும் கணக்குப் போட்டோம். அவசரமாக 3,000 ரிங்கிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சட்டப்படி அடகுக் கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. மீட்க ஆறு மாதத் தவணை உண்டு. இரண்டு மாதத்தில் மீட்டால் வட்டி 120 ரிங்கிட். அர்-ரஹ்னுவில் கட்டணம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. போனில் இருக்கும் தங்கமென்றால் விற்க வேண்டும். 490 விலையில் 3,000 ரிங்கிட்டுக்கு விற்று, இரண்டு மாதம் கழித்து அதே எடையை 510-க்குத் திரும்ப வாங்கினால் ஏறக்குறைய 3,122 ஆகும். செலவு 122. இரண்டும் ஒன்றுதான்! ஆனால் அந்த இரண்டு மாதத்தில் தங்கம் விலை ஏறிவிட்டால், விற்றவருக்கு அதே எடை திரும்பக் கிடைக்காது. அடகு வைத்தவருக்கு அதே கட்டி திரும்ப வரும். அதே சமயம், மீட்க நான்கைந்து மாதம் ஆகுமென்றால், விலை மாறாதவரை விற்பதே மலிவு.

போனில் வாங்குபவர் பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, பாதுகாப்பு. வங்கிச் சேமிப்புக்கு பிஐடிஎம் 250,000 ரிங்கிட் வரை காப்பு தருகிறது. தங்கக் கணக்குக்கு அது கிடையாது. வங்கி அல்லாத நிறுவனமென்றால், தங்கம் யார் பெயரில், எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தங்கம் தானாகக் குட்டி போடாது. மாதாமாதம் லாபம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். 2012 அக்டோபரில் பேங்க் நெகாரா சோதனையிட்ட ஜெனிவா மலேசியா விவகாரத்தில் மக்கள் கையில் உண்மைத் தங்கமே இருந்தது. ஆனாலும் மாதப் பணத்தை நம்பிச் சந்தையைவிடக் கூடிய விலைக்கு வாங்கியவர்கள் தவித்துப் போனார்கள்.

இரண்டாவது, போன் தங்கத்தைக் கட்டியாக மாற்றும் கட்டணம். சில கணக்குகளில் மாற்றவே முடியாது. முடிந்தாலும் செய்கூலி அப்போது வந்து நிற்கும். எங்கள் கணக்கில் 5,100 கட்டிச் சேர்த்த பத்து கிராமை மாற்ற 200 கேட்டால் மொத்தம் 5,300. நேராகக் கடையில் வாங்கினால் 5,200. மொத்தப் பணம் கையில் இருப்பவருக்கு இது வீண் சுற்று. மாதம் 200 மட்டுமே எடுத்து வைக்க முடிந்தவருக்கோ, 5,500 கொடுத்துப் பத்துச் சிறு நாணயம் வாங்குவதைவிட இது 200 ரிங்கிட் மிச்சம்.

கட்டி வாங்குபவருக்கு ஒரே ஒரு வார்த்தை: முத்திரையிட்ட உறையைப் பிரிக்காதீர்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். என் நாணயங்களில் மூன்றை மகன் சிறுவயதில் உறையிலிருந்து எடுத்து விளையாடியிருந்தான். அந்த மூன்றுக்கும் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் கழித்தார்.

முடிவில் அண்ணன் மகள் போனிலேயே சேர்க்கிறாள். பத்து கிராம் ஆனதும் கட்டியாக மாற்றிப் பாட்டியிடம் கொடுக்கப் போகிறாள். ஒரு கிராம் நாணயம் வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். அம்மா மட்டும் மாறவில்லை. ஆனால் போன வாரம் ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர், விலை கேட்பதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, இதையே இப்ப உங்ககிட்ட வித்தா எவ்வளவு தருவீங்க?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.