விண்ணப்பத்துக்கான காணொளியை எடுப்பதும் அனுப்புவதும்

இணையவழி விண்ணப்பத்தில் காணொளி வாக்குமூலம் கேட்டிருந்தால், படிவத்தில் கொடுத்துள்ள உச்ச அளவை முதலில் பாருங்கள். அது 25 MB என்று வைத்துக்கொள்வோம். பல கைத்தொலைபேசிகளில் FHD தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தாலே 100 MB-ஐத் தாண்டிவிடும். HD தரத்துக்கு மாற்றினால் குறையும், ஆனால் பெரும்பாலும் 25-க்குள் வராது.

ஆகவே எடுத்த காணொளியை வீட்டார் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்புங்கள். அனுப்பும்போதே அது சுருங்கிவிடும். Document என்று இணைத்தால் சுருங்காது. அவருடைய தொலைபேசியில் இறங்கிய பிரதியை ஏற்றுங்கள். உங்கள் தொலைபேசியில் நீங்கள் எடுத்த மூலக் கோப்பு பழைய பெரிய அளவிலேயே இருக்கும். அதை ஏற்றினால் காணொளி ஏற்கப்படாமல் போகலாம். ஏற்றுமுன் கோப்பின் விவரங்களில் அளவைப் பாருங்கள்.

ஒரே வாசலுள்ள லயன் அறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்தால் முகம் கறுத்துப்போகும். வாசலுக்குச் சற்று உள்ளே, வெளியைப் பார்த்து இருங்கள். தொலைபேசியைக் கிடையாக, கண் மட்டத்தில், கதிரை மேல் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். தலைக்கு மேல் சிறிது இடம் விட்டு, நெஞ்சுவரை தெரிந்தால் போதும்.

கண்டிப் பக்கம் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் அடிக்கடி மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு கேட்காது. காலையில் எடுங்கள். முதலில் பத்து விநாடி பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டு முழுவதையும் எடுங்கள். அடையாள அட்டையைக் காட்டும்படி படிவம் கேட்டாலன்றி அதைக் கெமராவுக்குக் காட்ட வேண்டாம்.