பணி மதிப்பீட்டில் கருத்து வேறுபாடு

பணி மதிப்பீட்டில் கருத்து வேறுபாடு என்பது, மேலதிகாரி அளித்த ஆண்டு மதிப்பெண்ணை ஊழியர் ஏற்க மறுக்கும் நிலையாகும். இந்திய ஒன்றிய அரசுப் பணிகளில் இது மோசமான மதிப்பீட்டால் மட்டும் எழுவதில்லை. 'நன்று' என்ற மதிப்பீட்டாலும் எழுகிறது.

எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993–94ஆம் ஆண்டு அறிக்கையில் 'நன்று' எனக் குறிக்கப்பட்டது. பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவைப்பட்டதால் அவர் வாய்ப்பை இழந்தார். அந்தக் குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. எல்லாக் குறிப்புகளையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2009இல் வெளியான அரசாணை, முழு அறிக்கையையும் ஊழியருக்கு அளித்து, முறையிட 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்றது.

கல்வராயன் மலைக் கிராமங்களின் கிளை அஞ்சலகங்களை ஆய்வு செய்யும் ஓர் அஞ்சல் ஆய்வாளரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம் (இது கற்பனை). அவருக்கான இலக்கு 20 ஆய்வுகள், முடித்தவை 13. அறிக்கையில் பணி நிறைவுக்கு 40 விழுக்காடும், தனிப்பண்பு, செயல்திறன் ஆகியவற்றுக்குத் தலா 30 விழுக்காடும் மதிப்பு உண்டு. அவர் பெற்றவை முறையே 5, 6, 7. மொத்தம் 2.0 + 1.8 + 2.1 = 5.9. 'மிக நன்று' தொடங்குவதோ 6இல். பணி நிறைவு மதிப்பெண் 6 ஆக இருந்திருந்தால் மொத்தம் 6.3 ஆகியிருக்கும்.

ஆய்வாளர் கோபத்துடன் வரும்போது, "நீங்கள் நல்லவர்தான்" என்று ஆறுதல் சொல்வது பயன் தராது; தகராறு குணத்தைப் பற்றியதன்று. எந்த எண்ணில் மறுப்பு என்று கேட்பதே முதல் வேலை. இங்கு அது 5 என்ற எண். அடுத்து, விடுபட்ட 7 ஆய்வுகளின் தேதிகளையும் காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மழையால் மலைச்சாலை அடைபட்ட நாட்களில் தவறியவை எத்தனை, கள்ளக்குறிச்சியிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய சமவெளி ஊர்களில் தவறியவை எத்தனை என்பது அப்போது தெரியும். முதல் வகையே மிகுதியானால் மறுப்பில் நியாயம் உண்டு. இலக்கு தவறியதற்கான தடைகளை ஊழியரே எழுதும் பகுதியும் படிவத்தில் இருக்கிறது. அதை அவர் வெறுமையாக விட்டிருந்தால் அவர் தரப்பு வலுவிழக்கும். அதே சமயம், குறை இருப்பதை ஆண்டு நடுவில் ஒருமுறைகூடச் சொல்லாத அதிகாரியின் தரப்பும் வலுவானதன்று.

இறுதியாக்கி அளிக்கப்பட்ட மதிப்பெண்ணை அந்த அறையிலேயே மாற்ற அறிக்கை எழுதியவருக்கு அதிகாரம் இல்லை. முறையீட்டின்மீது முடிவெடுப்பவர் அதற்குரிய உயர் அதிகாரியே. "அடுத்த ஆண்டு கூட்டித் தருகிறேன்" என்ற வாக்குறுதி இன்னும் கெடுதலானது. இந்த ஆண்டு எண் வேலையைப் பார்த்துப் போடப்படவில்லை என்ற சந்தேகத்தை அது உறுதிப்படுத்திவிடும். அறிக்கை கையில் கிடைத்த நாளைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, 15 நாளுக்குள் அந்த 7 ஆய்வுகளின் விவரத்துடன் முறையிடுமாறு தெரிவிப்பதே அதிகாரி செய்யக்கூடியது.