சீரொளி வெட்டு அழைப்பிதழில் தமிழ் எழுத்துகளுக்கான பாலங்கள்

சீரொளி (லேசர்) வெட்டு அழைப்பிதழில் எழுத்துகளின் வடிவம் தாளிலிருந்து வெட்டி அகற்றப்படும். அகற்றும்போது எழுத்தின் சுழிக்குள் அடைபட்ட தாளும் சேர்ந்து விழுந்துவிடாதபடி விடப்படும் மெல்லிய இணைப்பே பாலம் எனப்படுகிறது. ப, ட ஆகியவற்றில் அடைபட்ட பகுதி இல்லை. எனவே பாலம் தேவையில்லை. த, ம, ண போன்றவற்றில் பாலம் இல்லையெனில் சுழி நிரம்பிய ஓட்டையாகி, எழுத்தை அடையாளம் காண்பது கடினம். மெய்யெழுத்தின் புள்ளி வெறும் வட்டத் துளை என்பதால் சிக்கலில்லை. மாறாக, பின்னணி அகற்றப்பட்டு எழுத்து மட்டும் நிற்கும் வடிவமைப்பில் புள்ளியே தனித்து விழும். அதை எழுத்துடன் இணைக்க வேண்டும்.

கோப்பு தயாரித்தல்

இங்க்ஸ்கேப் மென்பொருளில் சொல்லைத் தட்டச்சு செய்து, முதலில் அச்சிடும் உண்மை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர் `Path > Object to Path`, `Object > Ungroup`, `Path > Union` என்ற வரிசையில் எழுத்துகள் ஒரே வெட்டுக்கோடாக்கப்படும். பாலம் வரவேண்டிய இடங்களில் எழுத்தின் கோட்டுக்குக் குறுக்கே சிறு செவ்வகங்கள் வரைந்து, அவற்றையும் ஒன்றாக இணைத்து, `Path > Difference` மூலம் கழிக்க வேண்டும். ஒவ்வொரு சுழிக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பாலங்கள் இருந்தால் சுழி ஆடாது. ஒரே கோடு இரண்டு முறை படிந்திருந்தால் கதிர் அதே இடத்தை மீண்டும் எரிக்கும். விளிம்பு கருகியிருப்பது அதற்கான அறிகுறி.

பாலத்தின் அகலம்

கதிர் தன் பாதையில் சிறிதளவு தாளை எரித்து நீக்குகிறது. இது வெட்டு இழப்பு. பாலத்தின் இருபுறமும் வெட்டுக்கோடு செல்வதால், பக்கத்துக்குப் பாதியாக, மொத்தம் ஓர் இழப்பு குறையும். இழப்பு 0.15 மி.மீ. எனில், 0.8 மி.மீ. ஆக வரைந்த பாலம் 0.65 மி.மீ. ஆக நிற்கும். கோப்பை 70 விழுக்காடாகச் சுருக்கினால் பாலம் 0.56 மி.மீ. ஆகும்; இழப்பு மட்டும் சுருங்காது. எஞ்சுவது 0.41 மி.மீ. மட்டுமே. திரையில் சரியாகத் தெரியும் கோப்பு வெட்டும்போது அறுந்துபோவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகும். எனவே அளவு மாறினால் பாலத்தைப் புதிதாக வரைய வேண்டும்.

தாளின் தடிமன்

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதப் பிரிவு 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்துவருகிறது. இவ்வகைக் கைவினைத் தாளின் தடிமன் ஒரே தாளுக்குள்ளும் மாறக்கூடியது. பத்துத் தாள்களை அடுக்கி அளந்து சராசரி கண்டால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ஒரு தாளையே நான்கு மூலைகளிலும் நடுவிலும் திருகு அளவியால் அளப்பது சரியான முறை.

மிகத் தடித்த இடம் முழுதாக வெட்டுப்படும்படி ஆற்றலை அமைத்தால், மெல்லிய இடத்தில் பாலம் கூடுதலாக எரியும். ஆகவே கைவினைத் தாளுக்குப் பாலம் 1 மி.மீ.க்குக் குறையாமலிருப்பது நல்லது. முழுக் கோப்பையும் வெட்டுமுன், அதே தாளின் துண்டில் 0.6, 0.8, 1.0, 1.2 மி.மீ. பாலங்களை வெட்டி, விரலால் மெல்ல வளைத்துப் பார்க்கலாம். பழுப்பேறாமலும் அறுபடாமலும் நிற்பவற்றுள் மிகக் குறுகியதற்கு அடுத்த அகலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.