வாழ்த்தும் முன் நாளை அறிவோம்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியில், இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் நாள் ஆயுத பூஜை. 2025-இல் அது அக்டோபர் 1 அன்று வந்தது. அதே பகுதியில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்கள் பலருக்குக் கருவிகளை வணங்கும் நாள் விஸ்வகர்மா பூஜை. சூரியன் கன்னி ராசிக்குள் நுழைவதை வைத்துக் கணிக்கப்படுவதால், அது பெரும்பாலும் செப்டம்பர் 17 அன்றே வந்துவிடும். அன்றுதான் பெரியாரின் பிறந்தநாள். தமிழக அரசு 2021 முதல் சமூகநீதி நாளாகக் கடைப்பிடிக்கும் நாள். ஆகவே அன்று காலை ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் விஸ்வகர்மா பூஜையை "நம் அனைவரின் திருநாள்" என்று போடுகிறவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் உட்பட எல்லோர் சார்பிலும் பேசிவிடுகிறார். "விஸ்வகர்மா பூஜை கொண்டாடும் நண்பர்களுக்கு வாழ்த்துகள்" என்றால் சொல்ல வேண்டியவரிடம் அது சரியாகச் சேரும்; மற்றவர் மேல் எதையும் சுமத்தாது.

தீபாவளியிலும் இதே கவனம் வேண்டும். தமிழ் வீட்டில் அது நரகாசுரன் வதத்தை நினைத்து விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். பீகாரில் மாலையில் விளக்கேற்றி லட்சுமியை வணங்கும் நாள். வங்காளத்தில் அந்த இரவு காளி பூஜை. வாழ்த்தில் ஒரு புராணக் கதையை மட்டும் எழுதினால் மற்ற இருவரும் விடுபடுவார்கள். விளக்கின் படமும் வாழ்த்தும் மட்டும் இருந்தால் மூவருக்கும் பொருந்தும்.

வாழ்த்தே கூடாத நாள்களும் உண்டு. புனித வெள்ளி இயேசுவின் பாடுகளை நினைக்கும் துக்க நாள். மகிழ்ச்சி வாழ்த்து ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு உரியது. முஹர்ரம் பத்தாம் நாள் ஷியா முஸ்லிம்களுக்குக் கர்பலாவின் துயர நாள். சன்னிகளில் பலர் நோன்பிருக்கும் நாள். அரசு விடுமுறைப் பட்டியல் நாளைச் சொல்லும், அதன் உணர்வைச் சொல்லாது. ரம்ஜானுக்கோ பட்டியலில் உள்ள தேதியே உறுதியில்லை. பிறை தெரிந்ததைத் தலைமைக் காஜி அறிவித்த பிறகு அனுப்புவதே முறை. முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த பதிவு நோன்பு நாளிலேயே பெருநாள் வாழ்த்தாகப் போய் நிற்கும்.

இவ்வளவு பார்த்தால் வாழ்த்தவே முடியாது, எல்லாருக்கும் பொதுவாக "விழாக்கால வாழ்த்துகள்" போதாதா என்று கேட்கலாம். எந்த விழா என்று பெயர் சொல்லாத வாழ்த்து, தன் பண்டிகையைப் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று காத்திருப்பவருக்கு ஏமாற்றமே. ஒரு பண்டிகைக்குப் பெரிய படமும் இன்னொன்றுக்கு மௌனமும் என்றால் அந்த வேறுபாட்டையும் ஊழியர்கள் கவனிப்பார்கள். தேவைப்படும் உழைப்போ சிறிது: ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியல் போட்டு, அந்தந்த நாளைக் கடைப்பிடிக்கும் இரண்டு மூன்று பேரிடம் வாசகத்தையும் படத்தையும் காட்டுவது. ஒரே ஒருவரிடம் கேட்டால் போதாது. ஒரே மதத்துக்குள்ளும் வழக்கங்கள் மாறும் என்பதை முஹர்ரமே காட்டுகிறது. வாழ்த்துபவரின் நல்ல எண்ணத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த நாள் பெறுபவருக்கு என்ன என்று தெரிந்துகொண்டு எழுதும்போதுதான் அந்த எண்ணம் மரியாதையாகிறது.