பழைய கட்டளையைத் தேடி எடுக்க

போன வாரம் லினக்ஸ் டெர்மினலில் அடித்த நீளமான கட்டளை இன்று மறுபடி வேண்டுமா? Ctrl+R அழுத்தி, நினைவிலுள்ள ஒரு துண்டை, `rsync` என்று வைத்துக்கொள்வோம், தட்டுங்கள். அந்தச் சொல் வந்த கடைசிக் கட்டளை தோன்றும். அது இல்லையென்றால் மீண்டும் Ctrl+R. இன்னும் பழையது வரும்.

கிடைத்த மகிழ்ச்சியில் உடனே என்டர் தட்டாதீர்கள், அப்படியே ஓடிவிடும். வலது அம்புக்குறியை அழுத்தி ஃபோல்டர் பெயரைத் திருத்துங்கள். முதல் சில எழுத்துகளை அடித்து Tab தட்டினால் மீதி தானே நிரம்பும். நிரம்பாவிட்டால் இன்னொரு முறை Tab. பொருந்தும் பெயர்கள் பட்டியலாக வரும். பட்டியலும் வராவிட்டால் எழுத்தில் பிழை.

தவறான கட்டளை ஓடத் தொடங்கினால் Ctrl+C நிறுத்தும். அதற்குள் அழிந்த கோப்புகளை மீட்காது. Ctrl+L திரையை மட்டும்தான் துடைக்கும். அடித்ததெல்லாம் வரலாற்றில் அப்படியே இருக்கும் என்பதால், கடவுச்சொல்லைக் கட்டளைக்குள் எழுதாதீர்கள்.