முதல் ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது எப்போது?

மதுரையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அளவெடுப்பது, வெட்டுவது அவர் வேலை. தையலை வெளி டெய்லரிடம் பீஸ் ரேட்டில் கொடுக்கிறார், ஒன்றுக்கு 150 ரூபாய். ஆள் வைத்தால் மாதம் 15,000 ரூபாய் சம்பளம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றால், அதை மாதக்கணக்கில் பிரிக்க இன்னும் 1,250. மொத்தம் 16,250 ரூபாயை 150ஆல் வகுத்தால், மாதம் சுமார் 108 பிளவுஸ் வந்தால்தான் கட்டுப்படியாகும். மெஷினும் கரண்டும் தனி.

இந்த 108ஐப் பலர் தீபாவளி மாத ஆர்டரோடு ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள். ஒப்பிட வேண்டியது ஆடி மாதத்தோடு. கல்யாணம் இல்லாத ஆடியில் 70 பிளவுஸ்தான் வந்தால், வெளியே கொடுத்திருந்தால் 10,500 ரூபாயோடு முடிந்திருக்கும். கூடுதலாகப் போகும் 5,750 ரூபாயைக் கையிருப்பிலிருந்து தாங்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

தாங்க முடியாவிட்டாலும் ஆள் வைக்க ஒரு காரணம் உண்டு. முகூர்த்த நாள் நெருங்கும்போது வெளி டெய்லர் பெரிய கடைகளின் வேலையை முதலில் முடிப்பார். நம் மூட்டை அடியில் கிடக்கும். கழுத்து இறங்கி, கை இறுகி வந்த பிளவுஸைப் பிரித்துத் தைக்கவே இரவு போகிறதென்றால், அரைநாள் ஆளாவது தேவை. ஆர்டர் ஏறினால் முழுநேரம் ஆக்கலாம். நாளுக்கு ஐந்து தைப்பவருக்கு மிஞ்சும் சீசன் வேலை அப்போதும் பீஸ் ரேட்டில் வெளியே போகட்டும்.